முழங்காலுக்குக் கீழே

சேலை கட்டிப் பழகிய எங்கள் தலைமுறைப் பெண்களுக்குக் கெண்டைக்காலின் சுற்றளவு ஒரு பொருட்டாக இருந்ததே இல்லை. பாவாடை தாவணியில் பள்ளிக்கூடம் போன நாளிலும், கூறைப்புடவையில் மணவறையில் உட்கார்ந்த நாளிலும் துணி கணுக்கால் வரை இறங்கி எல்லாவற்றையும் ஒரே மாதிரி மூடிவிடும். நாற்று நட இறங்குகிறவர்களும் வாய்க்காலில் துணி துவைக்கிறவர்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்ளும்போது உருண்டு திரண்ட அந்தச் சதை வெளியே தெரியும். அதைப் பார்த்து யாரும் பருமன் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை, உழைத்த கால் என்றுதான் சொல்வார்கள். என் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அப்படிப்பட்ட கால்தான். எனக்கும் அதுவே வாய்த்திருந்தது என்பதை, கல்யாணமாகி 1977-ன் பனிக்காலத்தில் லண்டனுக்கு வந்து, ஒரு கடையின் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸின் ஜிப்பை மேலே இழுத்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஜிப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

அந்த ஊர்ப் பனிக்குச் சேலை ஒத்துவராது என்பதை வந்த சில நாட்களிலேயே எல்லாரும் புரிந்துகொள்வோம். நடைபாதையில் உருகிய பனி கருப்புச் சேறாகக் கிடக்கும். சேலையின் கரை அதை உறிஞ்சிக்கொண்டு முழங்கால் வரை ஈரம் ஏறும். பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் கால் மரத்துவிடும். பேன்ட் போட்டுப் பழகாத பெண்கள் நாங்கள், ஆகவே கம்பளி ஸ்கர்ட்டும் நீள பூட்ஸும்தான் எங்களுக்குத் தெரிந்த வழி. இன்று இருபது வயசுப் பெண்கள் விமான நிலையத்திலிருந்தே ஜீன்ஸில் வந்து இறங்குவதைப் பார்க்கும்போது, ஒரு ஸ்கர்ட் எங்கே முடிய வேண்டும் என்று நாங்கள் மணிக்கணக்காகப் பேசியதெல்லாம் வேறு ஏதோ யுகத்துச் சங்கதி போலத் தோன்றுகிறது. ஆனால் ஸ்கர்ட்டும் பூட்ஸும் எங்கேயும் போய்விடவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் அவை திரும்பி வருகின்றன, அதே பழைய கேள்வியைத் தூக்கிக்கொண்டு.

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கற்றுக்கொடுத்தது கிழக்கு லண்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த ஒரு தையல் கடை. புதிதாகத் தைப்பதைவிட, வாங்கின உடையைப் பிரித்துச் சுருக்கி நீட்டித் தருகிற கடை அது. கடைக்கார அம்மா சைப்ரஸ்காரர். அந்தக் காலத்து லண்டன் தையல் தொழிலில் சைப்ரஸ்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவரிடம் ஒரு கருவி இருந்தது. தரையில் நிற்கும் ஒரு தாங்கி, அதில் செங்குத்தாக ஓர் அளவுகோல், அந்த அளவுகோலில் மேலும் கீழும் நகர்த்தித் திருகி நிறுத்தக்கூடிய ஒரு சின்னக் குழல், குழலின் முனையில் ரப்பர் பந்து, உள்ளே சாக்கட்டித் தூள். வாடிக்கையாளரை நடுக் கடையில் நிற்க வைத்துவிட்டு அம்மா மண்டியிட்டு அவரைச் சுற்றி நகர்வார். தரையிலிருந்து அளந்த அதே உயரத்தில் நான்கு விரலுக்கு ஒரு தடவை பந்தை அழுத்துவார். 'புஸ்' என்று ஒரு மூச்சு, துணியில் ஒரு வெள்ளைக் கோடு. நிற்கிறவர் திரும்பக் கூடாது, குனிந்து பார்க்கக் கூடாது. அம்மாதான் சுற்றி வருவார். பின்பக்கம் இடுப்பும் முன்பக்கம் வயிறும் துணியை ஆளுக்கொரு விதமாகத் தூக்கும் என்பதால், இடுப்பிலிருந்து அளந்து வெட்டிய விளிம்பு எப்போதும் கோணலாகத்தான் தொங்கும். தரையிலிருந்து அளந்தால்தான் சுற்றிலும் ஒரே உயரம் கிடைக்கும். மூலைவாட்டில் வெட்டிய ஸ்கர்ட்டாக இருந்தால் அந்தக் கோட்டைக்கூட அன்றைக்கே போட விடமாட்டார். ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, துணி தன் எடையில் இறங்கி முடிந்த பிறகே அளப்பார்.

அவர் சொன்ன விதி மிக எளிமையானது. துணியோ தோலோ காலில் எங்கே முடிகிறதோ, அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. பார்க்கிறவர் கண் அந்தக் கோட்டின் அகலத்தைத்தான் காலின் அகலமாக எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் துணிக்குள் இருப்பதையும் அதே அகலமாகவே கற்பனை செய்துகொள்ளும். ஆகவே கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் விளிம்பை நிறுத்தினால் முழுக் காலும் அந்தப் பருமனாகத் தெரியும். அதே விளிம்பைக் கால் ஒடுங்குகிற இடத்துக்கு நகர்த்தினால் அதே கால் வேறு காலாகிவிடும். முழங்காலுக்குக் கீழே ஒடுங்குகிற இடங்கள் இரண்டுதான். ஒன்று, முழங்கால் சிப்பிக்குச் சற்றே கீழே, சதை திரளத் தொடங்குவதற்கு முன்னால் உள்ள குழிவு. மற்றது, சதை இறங்கி முடிந்து கணுக்காலை நோக்கி மெலிகிற இடம். ஸ்கர்ட் ஆனாலும் பூட்ஸ் ஆனாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் முடிய வேண்டும்.

"நடுவில் நிற்காதே" என்பார் அம்மா. அதற்கு மேல் அவருக்கு வேறு தத்துவம் இல்லை.

நான் போய்ச் சேர்ந்த வருஷம் எங்களைப் போன்ற கால்காரிகளுக்கு நல்ல வருஷம் என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். அதற்கு முன்பு 1964-ல் பாரிஸில் ஆந்த்ரே கூரேஜ் முழங்காலுக்கு மேலே ஏறிய ஸ்கர்ட்டோடு, கெண்டைக்காலின் நடுவிலேயே வந்து நிற்கிற வெள்ளை நிறத் தட்டை பூட்ஸைக் காட்டியிருந்தார். அதன் நகல்கள் ஊரெங்கும் பரவின. குச்சி போன்ற காலுக்காகவே செய்த ஜோடி அது. அம்மா சொன்ன 'நடு'வில்தான் அந்த பூட்ஸின் வாய் வந்து நிற்கும். 1976-ல் ஈவ் சான் லோரான் ரஷ்யக் கிராமத்து உடைகளை மனதில் வைத்து ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தபோது நிலைமை தலைகீழானது: கெண்டைக்காலையும் தாண்டி இறங்கும் அகலமான ஸ்கர்ட், அதன் கீழே நீள பூட்ஸ். ஓரிரு வருஷத்தில் அது சாதாரணக் கடைகளுக்கும் வந்துவிட்டது. பூட்ஸின் வாய் எங்கே முடிகிறது, அதற்குள் ஜிப் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் அந்த ஸ்கர்ட் யாருக்கும் காட்டாது. நான் வாங்கிய முதல் பூட்ஸை அந்தத் தைரியத்தில்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஜிப்பின் மேல் நான்கு விரற்கடை திறந்தே இருக்கும், மேலே பழுப்புக் கம்பளி ஸ்கர்ட் மறைத்துக்கொள்ளும். பேருந்து நிறுத்தத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்களில் எத்தனை பேர் அப்படியே நின்றிருப்பார்களோ!

பாவாடை ஏறினால் பூட்ஸும் ஏறுகிறது என்பது அதைவிடப் பழைய கதை. முதல் உலகப் போரின் நடுவில், 1915, 1916 வாக்கில், தரையைத் தொட்ட ஸ்கர்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியது. வெளிப்பட்ட காலை மூட உயரமான பூட்ஸ் வந்தது. அவற்றில் பல நாடா கோத்துக் கட்டுபவை. என்னைக் கேட்டால், பருத்த கெண்டைக்காலுக்கு இதுவரை வந்ததிலேயே நேர்மையான பூட்ஸ் அதுதான் என்பேன். நாடா எந்தச் சுற்றளவுக்கும் வளைந்துகொடுக்கும்; மாலையில் கால் வீங்கினால் தளர்த்திக்கொள்ளலாம். ஜிப் வந்து பூட்ஸை நொடியில் போட்டுக் கழற்ற வசதி செய்தது உண்மைதான். ஆனால் அதோடு ஒரே ஒரு சுற்றளவையும் அது கட்டாயமாக்கிவிட்டது.

அந்தச் சுற்றளவு யாருடையது என்பதில்தான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. பூட்ஸ் செய்கிறவர்கள் பாத அளவை வைத்துத்தான் மேல்குழாயின் அகலத்தைத் தீர்மானிக்கிறார்கள். நடுத்தரப் பாதத்துக்கு மேல்சுற்று சுமார் 36, 37 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பாத அளவு ஒன்று குறைந்தால் அதையும் அரை சென்டிமீட்டர் போலக் குறைத்துக்கொண்டே போவார்கள். பெரிய பாதம் என்றால் பெரிய கால், சின்னப் பாதம் என்றால் சின்னக் கால் என்பது அவர்கள் கணக்கு. நம் பெண்களில் எத்தனை பேருக்கு அது பொருந்தும்? சின்னப் பாதம், குட்டை உயரம், திரண்ட கெண்டைக்கால் என்று ஒரே உடம்பில் அமைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வஞ்சனை செய்கிறது. பாதத்துக்குச் சரியான பூட்ஸ் காலில் ஏறாது; காலில் ஏறுகிற பூட்ஸில் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும்.

அதற்கு அன்றைக்கு ஒரு மருந்து இருந்தது, அது தெருமுனைச் செருப்புத் தைப்பவர். பாதத்துக்குப் பொருந்தும் தோல் பூட்ஸை வாங்கிக்கொண்டு அவரிடம் போனால், மர அச்சை உள்ளே விட்டு, தோலை நனைக்கும் திரவம் ஒன்றைத் தெளித்து, திருகை முடுக்கி இரண்டொரு நாள் அப்படியே வைப்பார். ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும், தோல் மென்மையாக இருந்தால் இரண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் நீட்டக் கூடாது, பிரிக்க வேண்டும்: பின்தையலை மேலிருந்து கெண்டைக்கால் தாண்டும் வரை பிரித்து, V வடிவத்தில் எலாஸ்டிக் துண்டையோ அதே நிறத் தோலையோ வைத்துத் தைப்பார். நான் போன கடைக்காரர் என் காலைக் கையால் தொடக்கூட மாட்டார். ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்து நானே சுற்றிப் பென்சிலால் குறித்துத் தரச் சொல்வார். அந்தப் பட்டையை இரண்டாக மடித்து, பூட்ஸின் வாயில் வைத்துப் பார்த்து, எவ்வளவு துண்டு வேண்டும் என்று ஒரு வார்த்தை பேசாமல் வெட்டுவார். முடித்துக் கொடுக்கும்போது தையல் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் பல குளிர்காலம் தாங்கிய ஒரு கருப்பு ஜோடி இருந்தது. அதன் சுகம் அந்தத் துண்டில்தான் இருந்தது.

இன்று அந்தத் தெருவில் அவர் கடை இல்லை. இருந்தாலும் இன்றைய பூட்ஸில் பாதிக்கு அவர் உதவ முடியாது. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய செயற்கைத் தோலை அச்சில் ஏற்றினால் நீளாமல் வெடிக்கும், இல்லாவிட்டால் அச்சை எடுத்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அதற்கு ஈடாகக் காலம் வேறொன்றைத் தந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே பாத அளவில் பல கெண்டைக்கால் சுற்றளவுகளில் பூட்ஸ் விற்கிற கம்பெனிகள் இப்போது இருக்கின்றன. 50 சென்டிமீட்டர் வரைகூடக் கிடைக்கிறது. நான் ஜிப் ஏறாமல் அந்த முக்காலியில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்த நாளில் இப்படி ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கடையில் பத்துப் பேர் பார்க்க வேண்டியதில்லை, பெட்டி வீட்டுக்கே வருகிறது. வராதது, மண்டியிட்டு அளக்கிற ஆள் மட்டும்தான்.

அந்த ஆள் இல்லாததால் என்ன ஆகிறது என்பதை என் அண்ணன் மகள் விஷயத்தில் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். மேல்படிப்புக்கு வந்தவள், வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் ஆசையாக ஒரு ஜோடி நீள பூட்ஸும், 'மிடி' என்று போட்ட ஸ்கர்ட் ஒன்றும் வரவழைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, 'வைட் காஃப்'னு போட்டிருந்ததாலதான் வாங்கினேன். பாருங்க, ஏறவே மாட்டேங்குது. கால்தான் தப்பு போல."

"காலில் என்னடி தப்பு? டேப் இருக்கா, கொண்டா."

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அளக்க அதுதான் சரியான நேரம், நாள் முழுக்க நின்றும் நடந்தும் கால் தன் முழு அளவுக்கு வந்திருக்கும். காலையில் அளந்து வாங்கின பூட்ஸ் மாலையில் கடிக்கும். அவள் குளிர்காலத்தில் போடப்போகிற கனத்த டைட்ஸைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் முழுவதும் ஊன்றியபடி அளந்தபோது இடது கால் 41, வலது கால் 42. இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே ஒரு விரல் நுழையும் அளவு இடம் வேண்டும், ஆக அவளுக்குத் தேவை 43. அந்த இணையப் பக்கத்தில் 'வைட் காஃப்' என்பதன் கீழே சின்ன எழுத்தில் 42 என்று இருந்தது, அதுவும் ஒரு நடுத்தர மாதிரி அளவில் அளந்தது. அவள் பாதம் பிரிட்டிஷ் அளவில் 4. மாதிரி அளவிலிருந்து பாதம் இறங்க இறங்கச் சுற்றும் இறங்கும் என்பதால் அவள் கைக்கு வந்த ஜோடியை நான் உள்பக்கம் டேப் விட்டு அளந்தபோது 41 கூட இல்லை.

அடுத்து உயரம். இதைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவள் ஐந்தடி ஒரு அங்குலம். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை வெறுங்காலில் 38 சென்டிமீட்டர், சதை மிகப் பருத்திருந்த இடம் 27-ல். பூட்ஸின் மேல்குழாய் உயரமும் 38. உயரமான பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே நிற்க வேண்டிய வாய், இவளுக்கு முழங்கால் மடிப்பையே போய் இடிக்கிறது. உட்கார்ந்தால் குத்தும், நடந்தால் தோல் சரிந்து கணுக்காலில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கமே காலைப் பருமனாகக் காட்டும். போதாததற்கு, உயரமானவளின் கெண்டைச்சதை மேலே இருக்கும் என்று கணக்குப் போட்டு அந்த பூட்ஸின் அகலத்தை மேல்பக்கம் வைத்திருக்கிறார்கள். இவளுடைய சதை பருத்திருக்கும் இடத்தில் அது இன்னும் ஒடுங்கியே இருந்தது. ஜிப் நின்ற இடம் சரியாக அதுதான். காலில் தப்பு எதுவும் இல்லை என்பதை டேப்பைக் காட்டி அவளுக்குப் புரிய வைத்தேன். அவளுக்கு வேண்டியது 34, 35 உயரமும் 43 சுற்றும் உள்ளது. பின்பக்கம் முழு நீளத்துக்கும் எலாஸ்டிக் பட்டை வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே மட்டும் விரல் நீளத்துக்கு எலாஸ்டிக் வைத்தது அவளுக்குப் பயன்படாது, ஏனென்றால் அவளுக்கு இறுக்கம் மேலே இல்லை.

பிறகு ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். சுமார் ஐந்தடி ஏழு அங்குலம் உள்ள ஒருத்திக்கு முழங்காலைத் தாண்டிய குழிவில் வந்து நிற்பதற்காக வெட்டிய ஸ்கர்ட், இவளுக்குக் கெண்டைக்காலின் நட்ட நடுவில் வந்து நின்றது. மேலே இருந்து கீழே வரை அவள் குள்ளமாகவும் கனமாகவும் தெரிந்தாள், உண்மையில் அவள் இரண்டும் இல்லை. துணியைப் பின்னூசியால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே வந்தேன், அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிப்பியின் கீழ்விளிம்பை மூடி அதற்கு ஒரு விரல் கீழே நின்றதும், "அத்தை, நிறுத்துங்க, அங்கேயே நிறுத்துங்க" என்று கத்திவிட்டாள். சில சென்டிமீட்டர்தான் ஏற்றியிருந்தேன்.

அந்த விளிம்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று நெஞ்சில் தைத்தது. எங்கள் கடைக்கு வந்த ஸ்கர்ட்டுகளில் இரண்டு அங்குலம், சிலவற்றில் மூன்று அங்குலத் துணியை உள்ளே மடித்து, கையால் வெளியே தெரியாமல் ஹெம்மிங் போட்டிருப்பார்கள். அந்த மடிப்பு ஒரு சேமிப்பு. மோஸ்தர் இறங்கினால் இறக்கலாம், ஏறினால் ஏற்றலாம், பெண் வளர்ந்தால் விடலாம். இறக்கியபோது பழைய மடிப்பின் தடம் ஒரு கோடாகத் தெரியும். வினிகர் கலந்த தண்ணீரில் ஈரத்துணியை நனைத்து மேலே வைத்து இஸ்திரி போட்டு அதை மறைக்கப் பார்ப்போம், கம்பளியில் மறையும், பருத்தியில் எளிதில் மறையாது. மடிப்பின் எடை துணியை நேராகத் தொங்கவும் வைக்கும். இவள் ஸ்கர்ட்டில் ஓவர்லாக் அடித்து ஒரு சென்டிமீட்டர்கூட மடிக்காமல் தையல் ஓட்டியிருந்தார்கள். இறக்குவதற்கு ஒன்றுமே இல்லை. நல்ல காலமாக, குட்டையானவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஏற்றுவதுதான். வெட்டி, இந்த முறை தாராளமாக நான்கு சென்டிமீட்டரை உள்ளே மடித்துக் கையால் தைத்துக் கொடுத்தேன். அதனால் அடியில் அகலம் கொஞ்சம் குறைந்ததா என்றும் பார்த்தேன்: விளிம்பு காலைவிட்டு நன்றாக விலகி நின்றது, போதும். பென்சில் ஸ்கர்ட்டாக இருந்து கெண்டைக்காலை ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த உயரத்தில் நிறுத்தியும் உருவம் தெரியும். கீழே விரியும் வெட்டு துணிக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி விடுகிறது, அந்த இடைவெளியில் கால் மெலிந்து தெரிகிறது.

பூட்ஸோடு அதைச் சேர்த்துப் பார்க்கும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. முழங்காலில் நிற்கும் ஸ்கர்ட்டும் 35 உயரப் பூட்ஸும் என்றால் நடுவே ஓரிரு விரல் அகலத்துக்குக் கால் தெரியும். அங்கே வெளிர்நிற டைட்ஸ் போட்டால் ஒரு வெள்ளைப் பட்டை காலை இரண்டாக வெட்டும். பூட்ஸின் நிறத்திலேயே கனத்த டைட்ஸ் போட்டால் பாதத்திலிருந்து ஸ்கர்ட் வரை ஒரே கோடாக ஓடும். இடைவெளியே வேண்டாம் என்கிறவர்கள் ஸ்கர்ட்டைக் கீழே இறக்க வேண்டும், அப்போது பூட்ஸின் வாயைக் கைப்பிடி அகலமாவது துணி தாண்டி இறங்க வேண்டும். விளிம்பும் வாயும் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நின்றால் உட்காரும்போது ஒரு சந்து, நிற்கும்போது ஒரு சுருக்கம் என்று நாள் முழுக்கத் தொந்தரவு. மூன்றாவது வழி கணுக்கால் பூட்ஸ். அது கணு எலும்புக்குச் சற்று மேலே, மெலிந்த இடத்தில் முடிய வேண்டும். ஸ்கர்ட் சதை இறங்கி முடிகிற இடம் வரை வர வேண்டும். விளிம்பும் வாயும் ஒடுங்கிய இடத்திலேயே முடிவதால் பருத்த காலுக்கு இதுவே பல சமயம் மிக அழகான ஜோடி. கூடாதது ஒன்றுதான், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தைத் தாண்டி, கெண்டைக்காலின் பாதியில் வந்து நிற்கிற அரை பூட்ஸ். அதைக் கூரேஜ் காலத்திலிருந்து கடைக்காரர்கள் விடாமல் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

குதிகால் உயரத்தைப் பற்றியும் கடைக்கார அம்மா கண்டிப்பாக இருந்தார். எந்த பூட்ஸோடு போடப்போகிறார்களோ அதைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் விளிம்பைக் குறிப்பார். குதிகால் ஏறினால் சதை சுருங்கி மேலே உருண்டு நிற்கும், முழங்காலும் தரையிலிருந்து அந்த அளவு உயரும். பருத்த காலுக்கு ஊசிக் குதிகாலைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள அகலக் குதிகால் பொருந்தும், கனமான காலின் கீழே மெல்லிய கம்பி நின்றால் இரண்டின் வித்தியாசமும் கூடித் தெரியும்.

பெரும்பாலும் இந்தப் பருமன் பரம்பரையாக வருவது. சதை எவ்வளவு கீழே வரை இறங்குகிறது என்பது எலும்பும் தசையும் அமைந்த விதம். பட்டினி கிடந்து கெண்டைக்காலை மெலியவைக்க நினைப்பது வீண். ஆனால் புதிதாக வீக்கம் வந்து, விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறது என்றாலோ, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிக்கிறது, சிவந்து சுடுகிறது என்றாலோ அதற்கு பூட்ஸ் தேடக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். ஒற்றைக் கால் வீக்கம் என்றால் அன்றைக்கே.

சாக்கட்டித் தூள் ஊதுகிற அந்தக் கருவியை அம்மா கடையை மூடியபோது யாரோ எடுத்துப் போனார்கள். அதைப் போல ஒன்றை இப்போதும் வாங்கலாம், ஆனால் ஒருவரால் தன்னைத்தானே அதில் அளந்துகொள்ள முடியாது. வீட்டில் இன்னொரு ஆள் மண்டியிட வேண்டும். ஆகவே பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ஒரு மாலை நேரத்தில், கனத்த டைட்ஸோடு, அக்காவையோ மகளையோ துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு காலிலும் பருத்த இடத்தின் சுற்றையும், அந்த இடமும் முழங்கால் மடிப்பும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத அளவுக்கு அந்த பூட்ஸின் சுற்று என்ன என்று விற்கிறவரிடம் கேட்டு வாங்குங்கள். வந்ததும் வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் மட்டும் போட்டு நடந்து பாருங்கள், அடிப்பாகம் அழுக்கானால் திருப்புவது சிக்கலாகும். பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஜிப்பை மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் அந்த பூட்ஸ் உங்களுடையது இல்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள்.